எந்த வாசல் வழியாக வந்தார்கள்?

எங்கள் தெருமுனையில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடத் தொழில். சென்ற ஆண்டு அவருக்கு ஒரு ஆசை வந்தது. தனக்குத் தெரிந்ததை யூடியூபில் சொல்லிவிட வேண்டும். மகளின் போனை ஸ்டூலில் சாய்த்து வைத்து, கிரைண்டருக்குப் பெல்ட் மாற்றுவது எப்படி என்று ஆறு நிமிடம் நாற்பது நொடிக்கு ஒரு வீடியோ எடுத்தார். வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு என்பதால், வெட்டி ஒட்டிக் கொடுத்தது நான்.

முதல் மூன்று நாளில் 900 வியூஸ். அண்ணன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். நான்காம் நாள் வியூஸ் 25. ஐந்தாம் நாளும் அவ்வளவுதான். அடுத்த வாரம் முழுக்க அதே 25 தான். ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு, "யூடியூப்காரன் நம்மளை அமுக்கிட்டான் தம்பி. இனிமே இது நமக்கு வேண்டாம்" என்றார். குரல் கம்மியிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு எண்ணை. எத்தனை பேர் வந்தார்கள் என்று அது சொல்லும். எந்த வழியாக வந்தார்கள் என்று சொல்லாது. அந்த இரண்டாவது கேள்விக்கான விடை அதே போனில்தான் இருந்தது. அன்று அதைத் திறந்து பார்த்தோம். சேனல் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான்கு வாசல்கள்

யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுத்து Analytics என்பதற்குள் போனால் Reach என்று ஒரு பிரிவு இருக்கும். பார்ப்பவர்கள் இந்த வீடியோவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற பட்டியல் அதில் உண்டு. அதில் பல வரிகள் இருந்தாலும், சாதாரண நீள வீடியோக்களுக்குப் பெரும்பாலான வியூஸ் நான்கு வாசல்கள் வழியாகத்தான் வரும்.

முதல் வாசல் YouTube search. யூடியூபின் தேடல் பெட்டியில் ஒருவர் எதையோ டைப் செய்து, வந்த முடிவுகளில் நம் வீடியோவைத் தொட்டிருக்கிறார். அவருக்கு ஒரு தேவை இருக்கிறது, அது என்னவென்று அவர் சொல்லியும் விட்டார்.

இரண்டாவது Suggested videos. வேறொரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அதன் பக்கத்திலோ கீழேயோ அது முடிந்த பிறகோ நம் வீடியோ காட்டப்பட்டிருக்கிறது. எந்த வீடியோவுக்குப் பக்கத்தில் காட்டப்பட்டது என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. வீடியோவின் டிஸ்கிரிப்ஷனில் இருக்கும் லிங்கைத் தொட்டு வருபவர்களும் இந்தக் கணக்கில்தான் சேர்வார்கள்.

மூன்றாவது Browse features. ஆப்பைத் திறந்ததும் வரும் முகப்புப் பக்கமும், சந்தா செய்த சேனல்களின் பட்டியலும் இதில் முக்கியமானவை. வந்தவர் எதையும் தேடவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே வந்தபோது தம்ப்நெயில் கண்ணில் பட்டு நின்றிருக்கிறார்.

நான்காவது External. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், ஏதோ ஒரு இணையதளம் என யூடியூபுக்கு வெளியே இருந்து லிங்க் வழியாக வந்தவர்களும், வேறு தளத்தில் பதித்து வைத்த வீடியோவை அங்கேயே பார்த்தவர்களும் இதில் அடங்குவார்கள்.

இவை தவிர Direct or unknown என்றும் ஒரு வரி இருக்கும். லிங்கை நேராக ஒட்டித் திறந்தவர்கள், புக்மார்க் வைத்திருந்தவர்கள், எந்த ஆப்பிலிருந்து வந்தார்கள் என்று யூடியூபால் கண்டுபிடிக்க முடியாதவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். அந்த வரி சிறியதாக இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

விழுந்தது எது, வளர்ந்தது எது

அண்ணனின் முதல் மூன்று நாளைத் திறந்தோம். 900 வியூஸில் 620 External. அந்த வரியைத் தொட்டால் உள்ளே விவரம் விரியும். பெரும்பாலானது வாட்ஸ்அப். சித்தப்பா குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார், மகள் கல்லூரி குரூப்பில் போட்டிருக்கிறாள், வியாபாரிகள் சங்க குரூப்பிலும் சுற்றியிருக்கிறது. முகப்பு வழியாக வந்தவை 150. தேடி வந்தவை 40 மட்டும். மற்றதெல்லாம் சில்லறை.

அடுத்து, நான்காம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாள் வரையிலான 25 நாளைத் தனியாக எடுத்தோம். மொத்தம் 625 வியூஸ். அதில் தேடி வந்தவை 450. அதாவது நாளொன்றுக்கு 25 பேரில் 18 பேர், யாரும் அனுப்பாமல், தாங்களாகவே டைப் செய்து தேடி வந்திருக்கிறார்கள்.

கிராஃபில் ஒரே கோடாகத் தெரிந்தது உண்மையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு கோடுகள். வாட்ஸ்அப் கோடு மூன்று நாளில் ஏறி இறங்கிவிட்டது. அது இறங்கத்தான் செய்யும், ஏனென்றால் ஒரு குரூப்பில் இருப்பவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள், அத்தோடு சரி. அதற்கு அடியில் தேடல் கோடு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மேலே இருந்த கோடு இறங்கியதும் எல்லாமே இறங்கிவிட்டதாக அண்ணனுக்குத் தோன்றியிருக்கிறது. யாரும் அவரை அமுக்கவில்லை.

இதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு வாசலுக்கும் நேரே சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கையும் எடுக்க வேண்டும். Advanced mode என்பதற்குள் போனால் வியூஸுக்குப் பக்கத்திலேயே Average view duration என்ற பத்தி இருக்கும். அண்ணனின் வீடியோவில் வெளியிலிருந்து வந்தவர்கள் சராசரியாக 48 நொடி பார்த்திருந்தார்கள். தேடி வந்தவர்கள் நான்கு நிமிடம் ஐந்து நொடி பார்த்திருந்தார்கள்.

பெருக்கிப் பார்த்தோம். 620 பேர், ஆளுக்கு 48 நொடி என்றால் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 450 பேர், ஆளுக்கு நான்கு நிமிடம் ஐந்து நொடி என்றால் முப்பது மணி நேரத்துக்கு மேல். கொண்டாடிய மூன்று நாளில் உறவும் நட்பும் அன்புக்காகத் திறந்து பார்த்து, ஒரு லைக் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 'ஒன்றுமில்லை' என்று நினைத்த நாட்களில்தான், கிரைண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கணக்கை எழுதியிருந்த தாளை அண்ணன் வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு, "அப்போ யாரோ நிஜமாவே பெல்ட் மாட்டியிருக்காங்க" என்றார்.

தேடியவர் எழுதிய சொற்கள்

தேடல் வாசலுக்குள் இன்னொரு கதவு இருக்கிறது. YouTube search என்ற வரியைத் தொட்டால், என்னென்ன டைப் செய்து வந்தார்கள் என்ற பட்டியல் வரும். சேனல் வைத்திருப்பவர்கள் பலர் இதைத் திறந்து பார்ப்பதே இல்லை. என் அனுபவத்தில் ஸ்டுடியோவிலேயே மதிப்பு மிக்க பட்டியல் இதுதான்.

அண்ணன் வீடியோவுக்கு வைத்த தலைப்பு "வெட் கிரைண்டர் இயங்கு பட்டை மாற்றும் முறை". மக்கள் டைப் செய்தது இவை:

```
grinder belt change tamil
grinder suthala
கிரைண்டர் பெல்ட் மாற்றுவது எப்படி
grinder belt size
grinder sound varuthu
```

'இயங்கு பட்டை' என்று ஒருவர்கூடத் தேடவில்லை. நம் ஆட்களில் நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் டைப் செய்கிறார்கள். பொருளின் பெயரைச் சொல்வதைவிட, வீட்டில் நடப்பதைச் சொல்கிறார்கள். சுத்தல, சத்தம் வருது. தலைப்பை 'கிரைண்டர் சுத்தலையா? பெல்ட் மாற்றுவது எப்படி' என்று மாற்றினோம். டிஸ்கிரிப்ஷனின் முதல் இரண்டு வரியில் மக்கள் எழுதிய சொற்களை இயல்பாக வருமாறு சேர்த்தோம். வீடியோ யூடியூபில் ஏறிய பிறகும் தலைப்பு, டிஸ்கிரிப்ஷன், தம்ப்நெயில் மூன்றையும் மாற்றலாம். வீடியோவின் நடுவே சில பகுதிகளை வெட்டி எடுக்கலாம். ஆனால் அதே லிங்கில் வேறு வீடியோவை ஏற்ற முடியாது.

பட்டியலின் நான்காவது வரியில்தான் பாடம் இருந்தது. "grinder belt size" என்று தேடி வந்தவர்கள் சராசரியாக ஐம்பது நொடியில் போய்விட்டார்கள். மற்றச் சொற்களில் வந்தவர்கள் நான்கு நிமிடத்துக்கு மேல் இருந்தார்கள். ஒரே வீடியோ, ஒரே வாசல், இருந்தும் இவ்வளவு வித்தியாசம். காரணம் எளிது. அவர்களுக்கு வேண்டியது பெல்ட்டின் அளவு. வீடியோவில் அளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழைய பெல்ட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ளதை வாங்க வேண்டும், அழிந்திருந்தால் பழைய பெல்ட்டையே கடைக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது அண்ணனுக்குத் தினசரிப் பேச்சு. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அன்று இரவே அதற்குத் தனியாக இரண்டு நிமிட வீடியோ ஒன்று எடுத்தோம்.

ஒரு சொல்லுக்கு வியூஸ் வருகிறது, ஆனால் வந்தவர்கள் நிற்கவில்லை என்றால், கேட்டவருக்கு நாம் பதில் சொல்லவில்லை என்று பொருள். அதுவே அடுத்த வீடியோவுக்கான தலைப்பு. ஆனால் ஒரு சொல்லில் வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான் என்றால் அந்தச் சராசரியை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒருவர் பாதியில் போனுக்குப் பதில் சொல்லப் போயிருந்தாலே கணக்கு மாறிவிடும். அண்ணனின் பட்டியலில் அந்த வரியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இருந்ததால்தான் நம்பினோம். மிகக் குறைவானவர்கள் தேடிய சொற்கள் பட்டியலில் வராமலே போகலாம்.

சதவீதம் காட்டும் பொய்த் தோற்றம்

இரண்டாம் மாதக் கடைசியில் அண்ணன் மறுபடி பதறினார். "தேடி வர்றவங்க 72 சதவீதம் இருந்தாங்க தம்பி. இப்போ 40 ஆயிடுச்சு. தலைப்பை மாத்தினது தப்போ?"

சதவீதத்தை மூடிவிட்டு எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னேன். முதல் மாதம் நாளுக்கு 25 பேரில் 18 பேர் தேடல் வழியாக வந்தார்கள். இரண்டாம் மாதம் நாளுக்கு 60 பேரில் 24 பேர். தேடி வந்தவர்கள் குறையவில்லை, கூடியிருந்தார்கள். புதிதாக 28 பேர் Suggested videos வழியாக வரத் தொடங்கியதால் தேடலின் பங்கு சிறுத்துத் தெரிந்தது. வீட்டில் சாப்பிட இன்னும் இரண்டு பேர் வந்தால் என் பங்குச் சதவீதம் குறையும், என் தட்டில் இருக்கும் சோறு குறையாது. ஸ்டுடியோ முதலில் கண்ணில் காட்டுவது சதவீதத்தைத்தான். அதனால் ஒவ்வொரு முறையும் உள்ளே போய் எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அந்த 28 பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று வரியைத் திறந்தோம். முதலில் இருந்தது அண்ணனின் இன்னொரு வீடியோ, கிரைண்டர் கல்லைக் கழற்றிச் சுத்தம் செய்வது. ஒன்றைப் பார்த்தவர் மற்றொன்றுக்கு வருகிறார், மூன்றரை நிமிடம் இருக்கிறார். சேனல் சேனலாக உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. இரண்டாவதாக, புது கிரைண்டர் வாங்குவது பற்றி வேறொருவர் போட்ட வீடியோ. அங்கிருந்து வந்தவர்களும் ஓரளவு நின்றார்கள். மூன்றாவதாக இட்லி மாவு அரைப்பது பற்றிய சமையல் வீடியோ. அங்கிருந்து வந்தவர்கள் 35 நொடியில் கிளம்பிவிட்டார்கள். மாவு பொங்க வேண்டும் என்று கவலைப்படுபவருக்கு மோட்டார் எதற்கு? அந்த வியூஸ் நின்றுபோனால் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

External வரியையும் அந்த மாதம் மறுபடி திறந்தோம். இம்முறை அதில் வாட்ஸ்அப் மேலே இல்லை. Google Search இருந்தது. கூகுளில் தேடி வந்தவர்களை யூடியூப் தன் தேடல் கணக்கில் சேர்ப்பதில்லை, வெளியாள் கணக்கில்தான் சேர்க்கிறது. மனதளவில் அவர்கள் தேவையோடு தேடி வந்தவர்கள், குரூப்பில் லிங்கைத் தொட்டவர்கள் போன்றவர்கள் அல்லர். அதனால் External என்ற மொத்தத்தை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. திறந்து உள்ளே இருப்பவர்களைப் பிரித்துத்தான் பேச வேண்டும்.

முகப்பில் விகிதம் ஏன் இறங்குகிறது

முகப்பு வாசலைப் படிக்க இன்னொரு அளவு தேவை. தம்ப்நெயிலில் பாதியாவது திரையில் தெரிந்து, ஒரு நொடிக்கு மேல் நின்றால் அதை ஒரு இம்ப்ரெஷன் என்று யூடியூப் எண்ணுகிறது. நூறு முறை காட்டியதில் எத்தனை முறை தொட்டார்கள் என்பது கிளிக் விகிதம். யூடியூபில் பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. வாட்ஸ்அப் போன்ற வெளியிடங்களில் தெரியும் தம்ப்நெயில்கள் இந்தக் கணக்கில் வராது. ஆகவே External வியூஸைப் பற்றிப் பேசும்போது கிளிக் விகிதத்தை இழுக்கக் கூடாது.

சத்தம் வரும் கிரைண்டர் பற்றிய அண்ணனின் வீடியோவை முதலில் முகப்பில் 1,000 முறை காட்டினார்கள். விகிதம் 6 சதவீதம், வந்தவர்கள் 60. இரண்டு வாரம் கழித்து 10,000 முறை காட்டியிருந்தார்கள். விகிதம் 3 சதவீதமாக இறங்கியிருந்தது, வந்தவர்கள் 300. தம்ப்நெயில் பழசாகிவிட்டது, மாற்றலாம் என்றாள் மகள். வேண்டாம் என்றேன். முதல் ஆயிரம் முறை காட்டியது பெரும்பாலும் அண்ணனை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு. அடுத்து காட்டியது முகம் தெரியாத கூட்டத்துக்கு. கூட்டம் பெரிதாகும்போது விகிதம் இறங்குவது இயல்பு. தம்ப்நெயில் சரியில்லை என்பதற்கு அடையாளம் வேறு: இம்ப்ரெஷன் கூடாமல் அப்படியே இருக்க, விகிதம் மட்டும் நம் மற்ற வீடியோக்களைவிடத் தெளிவாகக் கீழே கிடந்தால் அப்போது மாற்றிப் பார்க்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை, ஷார்ட்ஸ் போடுபவர்களுக்கு. ஷார்ட்ஸ் வியூஸ் பெரும்பாலும் Shorts feed என்ற தனி வாசல் வழியாகக் கொத்தாக வரும். சேனலின் மொத்தக் கணக்கைத் திறந்தால் அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். நீள வீடியோக்களை மட்டும் தனியாக வடிகட்டிய பிறகே மேலே சொன்னவற்றைப் பார்க்க வேண்டும். அதேபோல, நேற்றைய கணக்கை இன்று காலையே படிக்காதீர்கள். விவரமான புள்ளிகள் வந்து சேர ஓரிரு நாள் ஆகும். பாதி வந்த கணக்கில், குறையாததும் குறைந்தது போலத் தெரியும்.

இப்போது அண்ணன் கடையில் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வாரம் மக்கள் எதை டைப் செய்து வந்தார்கள் என்று அதில் எழுதிக்கொள்கிறார். போன வாரம் நான் போனபோது கடைசி வரியைக் காட்டினார். 'grinder shock adikuthu' என்று எழுதி, பக்கத்தில் 9 என்று போட்டிருந்தார். பெல்ட் வீடியோவுக்கு வந்தவர்கள். இருபது நொடிகூட நிற்கவில்லை, ஏனென்றால் அந்த வீடியோவில் அவர்களுக்குப் பதில் இல்லை.

ஒன்பது என்பது சராசரி பார்க்கும் அளவுக்குப் பெரிய எண் இல்லைதான் என்று இழுத்தேன். அண்ணன் என்னைப் பேச விடவில்லை. "ஒன்பது வீட்டுல ஈரக் கையோட கிரைண்டரைத் தொடுறாங்க தம்பி. எர்த் சரியில்லன்னா முதல்ல பிளக்கைப் புடுங்கணும்னு யாராவது சொல்லணும்ல" என்றார். மற்ற தலைப்புகளை ஒதுக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் போனைச் சாய்த்து வைத்தார்.